யாழினி கல்யாணம்: வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா, அத்தை, மாமா, அண்ணன், தங்கை, பிள்ளைகள் அனைவருக்கும்,

நிகழும் பராபவ ஆண்டு ஆவணி மாதம், 2026 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள், எங்கள் மகள் யாழினிக்கும் மதுரை கார்த்திகேயனுக்கும் கும்பகோணத்தில் திருமணம். மகாமகக் குளத்துக்குப் பக்கத்து மண்டபம்தான், பெரியண்ணன் மகள் கல்யாணம் நடந்த அதே இடம்.

எல்லாரும் நேரில் வரவேண்டும் என்றுதான் ஆசை. பிள்ளைகளின் பள்ளி, லீவு, டிக்கெட் விலை எல்லாம் எங்களுக்கும் தெரியும். அதனால் கல்யாணத்தை நேரலையில் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம். இருந்த இடத்திலிருந்தே பார்த்துப் பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டும்.

முதலில் நாள் குழப்பம். போன முறை நம் வீட்டிலேயே ஒருவர் ஞாயிறு ராத்திரி பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்து, கல்யாணம் முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டது என்று தெரிந்து அழுதார். யார் என்று சொல்ல மாட்டேன். கனடா, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது சனிக்கிழமை ராத்திரி. நேரலை இந்திய நேரம் காலை 6.30க்குத் தொடங்கும். முகூர்த்தம் தொடங்கும் 7.30 உங்கள் ஊரில் இப்படி:

கலிஃபோர்னியா: சனி மாலை 7.00
டொராண்டோ, நியூ ஜெர்சி: சனி இரவு 10.00
லண்டன்: ஞாயிறு அதிகாலை 3.00
பாரிஸ், சூரிச்: ஞாயிறு அதிகாலை 4.00
துபாய்: ஞாயிறு காலை 6.00
சிங்கப்பூர், கோலாலம்பூர்: ஞாயிறு காலை 10.00
சிட்னி: ஞாயிறு பகல் 12.00

லண்டன் சித்தப்பாதான் பாவம். தூக்கம் வந்தால் தூங்குங்கள் சித்தப்பா, வீடியோ அப்படியே இருக்கும். தாலி கட்டுவதை மட்டுமாவது நேரலையில் பார்க்க வேண்டும் என்றால் அலாரம் 3.15க்கு வையுங்கள். ஐயர் 8 மணியை ஒட்டி மாங்கல்ய தாரணம் என்று சொல்லியிருக்கிறார், கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

இணைப்பு யூடியூபில். அதை 29ஆம் தேதி சனிக்கிழமை இந்திய நேரம் மாலை 6 மணிக்கு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி அருண் போடுவான். டொராண்டோவில் அப்போது சனி காலை 8.30, சிங்கப்பூரில் இரவு 8.30. இணைப்பு இருப்பவர் மட்டும் பார்க்கும்படி வைத்திருக்கிறோம். யூடியூபில் தேடினால் வராது. வேறு குழுக்களுக்கு அனுப்பாமல் இருந்தால் நல்லது.

பார்ப்பது சுலபம். இணைப்பைத் தொட்டால் போதும், கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம். டிவியில் பார்க்க, போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். போனில் வீடியோவைத் திறந்து, மேலே மூலையில் அலைகளோடு ஒரு சதுரம் போல இருக்கும் குறியைத் தொட்டு, உங்கள் டிவி பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்மார்ட் டிவி இல்லையென்றால் லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிவிடுங்கள். பேரப்பிள்ளை யாராவது இருந்தால் அவனிடம் கொடுத்துவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் சனிக்கிழமையே ஒரு முறை வேறு ஏதாவது வீடியோ போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், முகூர்த்த நேரத்தில் ரிமோட் தேட வேண்டாம்.

தாமதமாக வந்தவர்கள் கீழே உள்ள கோட்டைப் பின்னால் இழுத்துப் பார்க்கலாம். மறுபடி நேரலைக்கு வர LIVE என்ற எழுத்தைத் தொடுங்கள். படம் மங்கலாகித் தெளிந்தால் பயப்பட வேண்டாம், நெட் வேகம் அப்படி. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றுபோனால் குழுவைப் பாருங்கள், அருண் புது இணைப்பு போட்டிருப்பான். அவனைப் போனில் கூப்பிட வேண்டாம், அவன் கையில்தான் மாலை, தாம்பாளம் எல்லாம்.

ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போட வேண்டாம் என்று மண்டபத்தில் சொல்லிவிட்டோம். காப்புரிமை என்று யூடியூப் சத்தத்தை நிறுத்திவிடுமாம். நாதஸ்வரமும் தவிலும் நேரிலேயே வாசிக்கிறார்கள், கெட்டிமேளம் நன்றாகக் கேட்கும். நீங்கள் பார்ப்பது இங்கே நடப்பதைவிட அரை நிமிஷம் போலப் பிந்தி வரும். அதனால் குழுவில் யாராவது முன்கூட்டியே வாழ்த்துப் போட்டால் திகைக்க வேண்டாம்.

அட்சதைக்கு வீட்டில் ஒரு பிடி அரிசியில் மஞ்சள் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கேட்டதும் திரையில் தெரியும் பிள்ளைகள் மேல் தூவுங்கள். வாழ்த்தை எழுதியோ பேசியோ குழுவில் அனுப்பினால், பந்தி முடிந்ததும் யாழினியிடம் போட்டுக் காட்டுவோம். மொய் என்று யாரும் பணம் அனுப்ப வேண்டாம். 2028 மகாமகத்துக்கு வரும்போது நேரில் கொடுங்கள், வட்டியோடு வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
முருகேசன் – கலைச்செல்வி
கும்பகோணம்