நூல் மில்லுக்குக் கொடுத்த அட்வான்ஸ், என்ட்ரி மாற்ற வேண்டும்

தம்பி, நேற்று நீங்கள் டாலியில் போட்டதெல்லாம் பார்த்தேன், ஈரோடு நூல் மில் என்ட்ரி தவிர மற்றதெல்லாம் சரி. அவர்கள் அனுப்பிய புரோஃபார்மாவைப் பில் என்று நினைத்து 2,62,500-க்கு பர்ச்சேஸ் போட்டு, நாம் அனுப்பிய ஒரு லட்சத்தை அதற்கு எதிராகக் கழித்திருக்கிறீர்கள். பார்ப்பதற்குப் பில் மாதிரியேதான் இருக்கும், ஜிஎஸ்டி எண் வரைக்கும் போட்டிருப்பார்கள், ஆனால் அது வெறும் விலைக் கணக்கு. நூல் இன்னும் மில்லை விட்டே கிளம்பவில்லை. அதற்குள் நம் ஸ்டாக்கில் 1,000 கிலோ ஏறி நிற்கிறது, குடோனில் போய் எண்ணினால் ஒரு கோன் கூட இருக்காது.

முதலில் அந்த பர்ச்சேஸை எடுத்துவிடுங்கள். பேமென்ட்டை (F5) அழிக்க வேண்டாம், பணம் உண்மையிலேயே போயிருக்கிறது. அதைத் திறந்து, டெபிட் மில்லின் லெட்ஜர், கிரெடிட் பேங்க், ஒரு லட்சம் அப்படியே இருக்கட்டும். பில் விவரம் கேட்கும் இடத்தில் மட்டும் Agst Ref-ஐ மாற்றி Advance கொடுத்து, பெயராக நம் ஆர்டர் எண் PO-118 போடுங்கள். இப்போதைக்கு மில் நமக்கு ஒரு லட்சம் தர வேண்டியவர், அவ்வளவுதான்; செலவு எதுவும் இன்னும் ஆகவில்லை.

அவசரத்தில் On Account என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் சேர்ந்த புதிதில் அப்படித்தான் போட்டுவைத்தேன், பில் வந்தபோது அட்வான்ஸ் கொடுத்ததே கண்ணில் படவில்லை, முழுப் பணத்தையும் மறுபடி அனுப்பிவிட்டேன். திரும்ப வாங்குவதற்குள் முதலாளி முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நூல் இறங்கி, எடை சரிபார்த்து, வரி பில் கையில் வந்த பிறகுதான் F9-இல் பர்ச்சேஸ் போட வேண்டும். கிலோ 250 வீதம் 2,50,000, சிஜிஎஸ்டி 6,250, எஸ்ஜிஎஸ்டி 6,250. அங்கே பில் விவரத்தில் ஒரு லட்சத்துக்கு Agst Ref கொடுத்து PO-118-ஐத் தேர்ந்தெடுங்கள், மீதி 1,62,500-க்கு New Ref, மில்லின் பில் எண். இன்புட் வரியும் அப்போதுதான் எடுக்க முடியும். அட்வான்ஸ் கொடுத்ததற்காக ஒரு பைசா கூட எடுக்க முடியாது.

ஒருவேளை 500 கிலோ மட்டும் முதலில் வந்தால், அட்வான்ஸ் முழுவதையும் அந்தப் பில்லிலேயே கழிப்பதா, பாதி பாதியாகவா என்று மில்லில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் ஒரு மாதிரி, நாம் ஒரு மாதிரி கழித்தால் மார்ச்சில் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்கும்போது உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும். ஆர்டரே கேன்சல் ஆகிப் பணம் திரும்பினால் ரிசீட் (F6), அதே PO-118-க்கு எதிராக.

மாற்றியதும் மில் லெட்ஜரைத் திறந்து பாருங்கள், ஒரு லட்சம் டெபிட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எதையும் தொடாமல் என்னைக் கூப்பிடுங்கள், 11 மணிக்கு மேல் சீட்டில்தான் இருப்பேன்.