கருங்கல் வீட்டு வேலை: முடிக்கும் தேதி மாற்றம் குறித்து

திங்கள்நகர்
20.09.2025

அனுப்புநர்: ம. செல்வராஜ், கட்டிட ஒப்பந்ததாரர்
பெறுநர்: திரு. த. ஜெபசிங், மஸ்கட் (நகல்: கருங்கல் வீட்டில் அப்பாவிடம்)

அன்புள்ள தம்பி ஜெபசிங் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கேட்பது தேதி, அதனால் அதையே முதலில் எழுதிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் 30.11.2025 என்று போட்டிருந்த நிறைவுத் தேதி 31.01.2026 ஆக மாறுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் என்றும், டிசம்பர் 27-ம் தேதி பால்காய்ச்சு வைக்கலாம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது என்றும் அப்பா சொன்னார். அழைப்பு அடிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதால்தான், போனில் பேசியதோடு விடாமல் எழுத்திலும் தருகிறேன்.

எங்கெங்கே நாள் போனது என்று சொல்கிறேன். பிப்ரவரி 3-ல் வானம் தோண்டத் தொடங்கினோம். கிழக்கு மூலையில் நாலடி போன பிறகும் உறுதியான மண் வரவில்லை. முன்பு எப்போதோ செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி அது. பிறகு ஓலை, மட்டை, உடைந்த ஓடு என்று போட்டு மூடியிருக்கிறார்கள். அப்பாவுக்கே அது ஞாபகம் இல்லை. மூடின மண்ணில் கருங்கல் கட்டை ஏற்றினால் சுவர் பிளக்கும் என்பதால் அந்த மூலையை மட்டும் மேலும் நாலடி இறக்கிக் கட்டினோம். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார், படமும் உங்களுக்கு அனுப்பினேன். அதில் 12 நாள் போனது.

ஏப்ரலில் நடந்தது உங்களுக்குச் செய்தியிலேயே தெரிந்திருக்கும். கனிமவள நிலங்களுக்கு விதித்த புது வரியை எதிர்த்து தமிழ்நாடு முழுக்க குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜல்லியும் எம்-சாண்டும் ஒரு லோடுகூட வரவில்லை. வேலைநிறுத்தம் முடிந்த அன்றே லாரி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம், எல்லா சைட்டுக்காரர்களும் ஒரே கிரஷர் வாசலில் வரிசையில் நின்றோம். கையிலிருந்த சரக்கில் சுவர் கட்டை இழுத்து இழுத்து ஓட்டியும் 16 நாள் நின்றது.

அந்த 16 நாளோடு போயிருந்தால் பரவாயில்லை. கீழ்தளத்து வார்ப்பை மே 20 வாக்கில் முடித்து, மழை வருவதற்குள் தளத்தில் தண்ணீர் கட்டிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். வேலைநிறுத்தத்தால் அது ஜூன் முதல் வாரத்துக்குப் போனது. கேரளத்தில் வழக்கமாக ஜூன் 1-ல் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை இந்த ஆண்டு மே 24-லேயே தொடங்கிவிட்டது. அங்கே தொடங்கினால் நமக்கும் அதே மழைதான். கம்பி கட்டி, கரண்டு பைப் ஓட்டி, சென்ட்ரிங் முழுக்கத் தயாராக இருந்தும், காலையில் வானம் தெளிந்து மதியம் கொட்டுகிற நாட்களில் வார்ப்புக்கு ஆள் இறக்க எனக்கு மனம் வரவில்லை. ரெடிமிக்ஸ் வண்டி நம் முடுக்கில் திரும்பாது. மிக்சர் வைத்து ஒரு தளம் போட்டு முடிக்கக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேண்டும். பாதியில் மழை பிடித்தால் சிமெண்ட் பால் கழுவிப் போய் ஜல்லி மட்டும் மேலே நிற்கும். அப்படிப் போட்ட தளம் ஆயுசுக்கும் ஒழுகும். ஜூன் 19-ல் கிடைத்த இடைவெளியில் போட்டோம். இதில் 17 நாள்.

ஜூலையில் மாடியில் அம்மாவின் தையல் அறையும் அதோடு ஒரு குளிமுறியும் சேர்க்கச் சொன்னீர்கள். நல்ல யோசனைதான், நானும் அதையே சொல்லியிருந்தேன். ஆனால் 150 சதுரடி கூடும்போது பீம் மாறும், வரைபடம் திருத்த வேண்டும், கழிவுநீர் பைப்பும் வேறு வழியாக இறங்க வேண்டும். அதற்கு 14 நாள் ஆகும் என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதினேன், நீங்களும் சரி என்றீர்கள்.

கடைசியாக ஆள் பிரச்சினை. மேற்கு வங்கத்து சென்ட்ரிங் ஆட்கள் ஆகஸ்டில் ஊருக்குப் போனார்கள். நம்மூர் கொத்தனார்கள் இரண்டு பேரை ஓணத்துக்கு முன் வேலையை முடிக்கத் துடித்த பாறசாலைக்காரர்கள் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துப் போனார்கள். எல்லை தாண்டினால் கூலி அதிகம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதில் போன 10 நாளை உங்கள் கணக்கில் எழுதவில்லை. ஆள் பிடித்து வைப்பது என் பாடு. ஒப்பந்தத்தின்படி என் பக்கத்துத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு ₹1,500 வீதம் ₹15,000-ஐக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 69 நாள். அப்படியே கூட்டினால் பிப்ரவரி 7 வரும். கீழே உள்பூச்சும் மேலே வேலையும் ஒரே நேரத்தில் ஓடும்படி இரண்டு குழு போட்டிருப்பதால் ஒரு வாரத்தை மீட்டு ஜனவரி 31 என்று எழுதுகிறேன்.

மாடி வார்ப்பு இந்த மாதம் 12-ம் தேதி முடிந்தது. இப்போது தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறது. நாம் போடுவது பிபிசி சிமெண்ட், குறைந்தது பத்து நாள் நனைய வேண்டும், நான் பதினான்கு நாள் விடுவேன். ஹாலுக்கு மேலே அகலம் அதிகம் என்பதால் முட்டுகளை அக்டோபர் 3 வரை எடுக்கப் போவதில்லை. "பக்கத்து வீட்டில் பத்தே நாளில் பலகை பிரித்தார்களே" என்று அப்பா கேட்டார். அந்த வீட்டு அறையின் அகலத்துக்கு அது சரியாக இருக்கலாம், நம் ஹாலுக்கு ஆகாது.

இனி டிசம்பர் 27 விஷயம். தம்பி, நான் இன்னும் முப்பது ஆளை இறக்கினாலும் சுவர் வேகமாகக் காயாது. அக்டோபர், நவம்பரில் நம் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழை. மற்ற ஊர்களுக்கு ஆண்டில் ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு இரண்டு. முதல் திட்டத்தில் வெளிப்பூச்சு செப்டம்பரிலேயே, இரண்டு மழைக்கும் நடுவில், முடிந்திருக்கும். இப்போது அந்த இடைவெளி கைவிட்டுப் போய்விட்டது. அதனால் மழை மாதங்களில் உள்வேலை மட்டும் பார்த்து, வெளிப்பூச்சை டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறேன். ஈரச் சுவரில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் கிறிஸ்துமஸுக்குப் பளபளவென்று இருக்கும், அடுத்த ஜூனில் உப்புப் பூத்து அப்பளம்போல் உரிந்து விழும். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் வீட்டுக்காரரின் அவசரத்துக்கு இப்படி அடித்துக் கொடுத்ததை முழுக்கச் சுரண்டி மறுபடி அடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். சுரண்டும் கூலி அடிக்கும் கூலியைவிட அதிகமானது.

கதவுகளும் அப்படித்தான். அப்பா நம் விளையிலிருந்து வெட்டிக் கொடுத்த அயினி மழைக்காலத்தில் அறுத்தது. பலகைகளை ஷெட்டுக்குள் இடைக்கட்டை வைத்து அடுக்கியிருக்கிறோம். இப்போதே இழைத்து மாட்டினால் மார்ச் வெயிலில் சுருங்கி விரல் நுழையும் இடைவெளி விழும் என்று ஆசாரி சொல்கிறார், எனக்கும் அதே கருத்துதான். நிலைகள் பழைய தேக்கு என்பதால் கவலை இல்லை. கதவுகள் ஜனவரி 10-க்குப் பிறகுதான் ஏறும்.

உள்பூச்சு நவம்பர் 15-க்குள் முடியும். டைல்ஸ் டிசம்பர் 20 வரை ஓடும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும் பொங்கலுக்கும் ஆட்கள் வரமாட்டார்கள், அந்த நாட்களைக் கழித்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். பெயிண்ட், கரண்டு, குளிமுறிச் சாமான்கள் எல்லாம் ஜனவரியில். சாதாரண மழைக்கு இந்தத் தேதியில் இடம் விட்டிருக்கிறேன். 2017 நவம்பர் 30-ல் வந்த ஒக்கி போல மரமும் மின்கம்பமும் சாய்க்கிற புயல் வந்தால் அது வேறு கணக்கு. அப்படி எதுவும் நடந்தால் மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிப்பேன். அப்படி எதுவும் இல்லாமல் ஜனவரி 31 தாண்டினால் பிப்ரவரி 1 முதல் அதே ₹1,500 கணக்கு ஓடட்டும்.

நீங்கள் விடுமுறைக்கு வரும்போதே பால்காய்ச்ச வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. 27-ம் தேதிக்கு அடுக்களையும் ஹாலும் டைல்ஸ் போட்டுச் சுத்தமாக இருக்கும். பெயிண்ட் இருக்காது, வாசலுக்குத் தற்காலிகக் கதவுதான். குடும்பத்தோடு வந்து ஜெபம் வைத்துப் பால் காய்ச்சிவிட்டுப் போகலாம், தங்கக் கூடாது. பந்தலும் விருந்தும் என்றால் மார்ச்சுக்கோ ஈஸ்டருக்கோ தள்ளுங்கள், ஈஸ்டர் அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ல் வருகிறது. என்னைக் கேட்டால் ஈஸ்டர்தான். ஆனால் அம்மாவின் ஆசை என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் முடிவு உங்களுடையது.

உங்கள் பக்கத்திலிருந்து எனக்கு வேண்டியவை: டைல்ஸ் தேர்வு அக்டோபர் 15-க்குள் வர வேண்டும். அப்பாவும் தங்கச்சியும் நாகர்கோவிலில் ஒரு கடையில் பார்த்த நான்கு மாதிரிகளின் படம் உங்கள் போனில் இருக்கிறது. குளிமுறிக்கு வழுக்காத தரையையே எடுங்கள், அம்மாவின் முட்டு வலியை நினைத்துச் சொல்கிறேன். அடுக்களை மேடையில் சிங்க் எந்தப் பக்கம் என்பது பூச்சுக்கு முன்பே தெரிய வேண்டும், அதாவது இந்த மாதக் கடைசிக்குள். இந்த இரண்டும் பிந்தினால் தேதியும் அதே அளவு பிந்தும்.

கூடுதல் 150 சதுரடிக்கு ஒப்பந்த விலையான ₹2,300 வீதம் ₹3,45,000. அதில் பாதியை மாடி வார்ப்புத் தவணையோடும் மீதியை டைல்ஸ் தவணையோடும் தந்தால் போதும். கிழக்கு மூலையில் கூடுதலாக இறக்கிய கல்கட்டுக்கு அப்பா கையெழுத்திட்ட அளவுச் சீட்டின்படி பணம் ஏற்கனவே வந்துவிட்டது. தாமதத்துக்காக வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்தத் தேதி சம்மதம் என்றால் "31.01.2026 சம்மதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும், அதை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். சம்மதம் இல்லை என்றால் வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே, அன்று காலையில் கூப்பிடுங்கள். அப்பாவும் நானும் சைட்டிலேயே இருப்போம், வீடியோவில் ஒவ்வொரு அறையாகக் காட்டிப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ம. செல்வராஜ்