ஆர்டர் 4417-0926 ஏன் ரத்து என்று காட்டுகிறது?

வணக்கம் அண்ணா,

நான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கவிதா. 6-க்கு 9 அடியில், சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட பவானி ஜமக்காளம் இரண்டு உங்களிடம் ஆர்டர் போட்டிருந்தேன். நேற்று ராத்திரி மூன்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதற்கு, "ஜெர்மன் எழுத்து புரியலைங்க, தமிழில் டைப் பண்ணி அனுப்புங்க" என்று காலையில் பதில் போட்டிருந்தீர்கள். நான் முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். இந்த ஊரில் எடுத்த கணக்கு என்பதால் ஆப் முழுக்க ஜெர்மனில்தான் வருகிறது, அதில் தமிழ் இல்லை. மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்த்தேன், இரண்டு இடத்தில் அர்த்தம் மாறிப்போனது. அதனால் ஒவ்வொரு வரியையும் நானே படித்துத் தமிழில் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று: இந்த ஆர்டரை நான் ரத்து செய்யவில்லை. ஜமக்காளம் எனக்கு இன்னமும் வேண்டும்.

முதல் ஸ்கிரீன்ஷாட் ஆர்டர் பக்கம். மேலே ஆர்டர் எண் 4417-0926. ஆர்டர் போட்ட நாள் 09.05, வெள்ளிக்கிழமை. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் "Storniert" என்று இருக்கிறது. ரத்து என்று அர்த்தம். அந்தச் சொல்லைத் தொட்டால் இன்னொரு வரி விரிகிறது: "Auf Wunsch des Käufers storniert". ஆப் இதை "வாங்குபவரின் ஆசைப்படி ரத்து" என்று மாற்றிக் கொடுத்தது. கடை மொழியில் சொன்னால், "வாங்கியவர் கேட்டுக்கொண்டதால் ரத்து செய்யப்பட்டது". வாங்கியது நான்தான், ஆனால் நான் அப்படிக் கேட்கவே இல்லை. நேரம் 14.05, 05:48 என்று போட்டிருக்கிறது. அது இங்குள்ள நேரம். இப்போது நீங்கள் எங்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு அது புதன்கிழமை காலை 9:18. கடை திறக்கிற நேரமாக இருக்கலாம். இங்கே நாங்கள் தூக்கத்தில் இருந்தோம்.

வேறு யாராவது என் கணக்கில் நுழைந்திருப்பார்களோ என்று பயந்து அதையும் பார்த்துவிட்டேன். என் போனும் என் கணவர் போனும் தவிர வேறு எதிலும் கணக்கு திறந்திருக்கவில்லை. அவரிடமும் கேட்டேன், அவர் எதையும் தொடவில்லை. உங்களுக்கு நான் அனுப்பிய செய்திகளையும் மேலே தள்ளிப் படித்துப் பார்த்தேன். 10-ஆம் தேதி, சிவப்பு பச்சைப் பட்டை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். "இருக்குங்க, திங்கக்கிழமை மடிச்சுக் கட்டிடறோம்" என்று நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று நான் எங்குமே எழுதவில்லை.

இரண்டாவது ஸ்கிரீன்ஷாட் பார்சல் பக்கம். எனக்குக் குழப்பம் வந்தது இங்கேதான். 13.05, 12:20, அதாவது உங்களுக்குச் செவ்வாய் பிற்பகல் 3:50-க்கு "Versandetikett erstellt" என்று ஒரு வரி வந்திருக்கிறது. பார்சல் மேல் ஒட்டுகிற லேபிள் தயார் என்று அர்த்தம். EE என்று தொடங்கி 318IN என்று முடிகிற 13 எழுத்து எண்ணும் கூடவே இருக்கிறது. கடைசியில் IN இருப்பதால் அது இந்திய அஞ்சல் எண்தான். அதற்குக் கீழே இருந்த நீளமான ஜெர்மன் வாக்கியத்தைப் படித்துவிட்டு, பார்சல் கிளம்பிவிட்டது என்று முதல் நாள் சந்தோஷப்பட்டேன். அப்புறம் நிதானமாகப் படித்தால்தான் தெரிந்தது: பார்சல் வரப்போகிறது என்ற தகவல் மட்டும்தான் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. அஞ்சலகத்தில் பார்சலை வாங்கியதாக ஒரு வரியும் இல்லை. இன்று காலை வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

செவ்வாய் மதியம் லேபிள் போட்டிருக்கிறீர்கள், புதன் காலையில் ரத்தாகியிருக்கிறது. நடுவில் ஒரே ஒரு ராத்திரி. அதற்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது ஸ்கிரீன்ஷாட் பணம் பற்றியது. இங்கே எண் எழுதும் முறை வேறு, அதனால் கொஞ்சம் பார்த்துப் படியுங்கள். நாம் புள்ளி வைக்கிற இடத்தில் இவர்கள் கமா வைப்பார்கள். படத்தில் 107,10 என்று இருப்பது நூற்று ஏழு யூரோ பத்து சென்ட். ஜமக்காளம் ஒன்று 24 யூரோ, இரண்டுக்கு 48. அனுப்பும் செலவு 42. இரண்டும் சேர்ந்து 90 யூரோவுக்கு இங்குள்ள வரி 19 சதவீதம், 17 யூரோ 10 சென்ட். பணம் 12-ஆம் தேதியே என் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. ஆப்பில் "Erstattung veranlasst" என்று இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தாயிற்று, வந்து சேர 10 வேலை நாள் வரை ஆகலாம் என்று சொல்கிறது. வங்கியில் இன்னும் எதுவும் வரவில்லை. அது வரும்போது வரட்டும், அதற்காக உங்களை நான் நெருக்கவில்லை. ஆனால் பணமும் அங்கே, பொருளும் அங்கே என்று இருக்கும்போது, என் பக்கத்தில் கையில் ஒன்றும் இல்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் விற்பனையாளர் பக்கத்தில் இந்த ஆர்டரைத் திறந்து, ரத்து செய்தது யார் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? நீங்களா, கடையில் வேறு யாராவதா, இல்லை தளமே தானாகச் செய்ததா? என் பக்கத்தில் காரணம் மட்டும்தான் தெரிகிறது, செய்தவர் யார் என்று தெரியவில்லை.

எனக்குத் தோன்றுகிற காரணங்களையும் சொல்லிவிடுகிறேன், தேட உங்களுக்கு வசதியாக இருக்கும். என் முகவரியில் பின்கோடு 5 இலக்கம்தான், நம் ஊர் மாதிரி 6 கிடையாது. லேபிள் போடும்போது அதை ஏதாவது ஏற்றுக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். முகவரி சரியானதுதான், ஒரு இலக்கமும் விட்டுப்போகவில்லை. இன்னொன்று, 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இங்கே விற்கிற பொருளுக்கு, ஒன்றியத்துக்குள்ளேயே பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் இது போதாதென்று, பெட்டி, கவர், அட்டை எல்லாவற்றுக்கும் LUCID என்ற பதிவேட்டில் விற்பவர் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா என்று விற்பனைத் தளங்கள் சரிபார்த்தாக வேண்டும். இந்த இரண்டில் எதிலாவது உங்கள் கடை மாட்டியிருந்தால், தளம் உங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பியிருக்கும். 13 ராத்திரி, 14 காலை மெயில்களைக் கொஞ்சம் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று புரியவில்லை என்றால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.

சரக்கு தீர்ந்திருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள் அண்ணா. தறியில் நெய்து வருகிற பொருள், சில சமயம் கடைக்கு வந்தவருக்குக் கொடுத்திருப்பீர்கள், எனக்குப் புரியும், கோபமில்லை. ஒன்று மட்டும்தான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, நான் கேட்டு ரத்தானதாகப் பதிவாகியிருப்பது. ஆர்டர் போட்டுவிட்டுப் பின்வாங்கியவள் என்று என் பெயரில் நிற்கிறது. அவசரத்தில் பட்டியலில் முதலில் இருந்த காரணத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்றால், தளத்துக்கு எழுதி அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நானும் எழுதுகிறேன்.

இந்த அவசரம் எதற்கென்றால், ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனாருக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம், வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். வாடகைக்கு எடுத்திருக்கிற கூடத்தில் நாற்காலிதான் கிடைக்கிறது. வளையல் போடும்போது எல்லோரும் தரையில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. ஈரோட்டில் எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், தாத்தா பரணிலிருந்து ஜமக்காளத்தை இறக்கி, வாசலில் உதறி, கூடத்தில் விரிப்பார். அதில் உட்கார்ந்தால்தான் விசேஷ வீடு மாதிரி இருக்கும். இங்கே கிடைக்கிற கார்பெட்டை விரித்தால் அது வராது. அதற்காகத்தான் இவ்வளவு அனுப்பும் செலவு கொடுத்து உங்களிடம் கேட்டேன்.

விரைவு அஞ்சலில் வர பத்து நாள், இங்கே சுங்கத்தில் சில நாள் என்று வைத்துக்கொண்டால், மே 20 செவ்வாய்க்குள் பார்சல் அஞ்சலகத்தில் சேர்ந்தாக வேண்டும். ரத்தான ஆர்டரைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது என்று உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதனால் பொருள் உங்களிடம் இருந்து, ஜெர்மனிக்கு அனுப்பவும் முடியும் என்றால், ஒரு வார்த்தை சொல்லுங்கள், பழைய பணம் வரும் வரை காத்திருக்காமல் புதிதாக ஆர்டர் போட்டுவிடுகிறேன். ஆனால் அதே தளத்திலேயே போடுகிறேன், தனியாகப் பணம் அனுப்புகிற வழி வேண்டாம். ஏதாவது தடங்கல் வந்தால் இரண்டு பேருக்குமே பதிவு இருக்கும்.

புது லேபிள் போடுவதாக இருந்தால், 318IN என்று முடிகிற பழைய எண்ணை என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள். பார்சல் ஏற்கெனவே அந்த எண்ணில் கிளம்பியிருந்து, நான் இன்னொன்று ஆர்டர் போட்டால், நான்கு ஜமக்காளம் வந்து நிற்கும்.

சிவப்பு பச்சை இல்லை என்றால் நீலப் பட்டையும் சம்மதம். அளவு மட்டும் 6-க்கு 9-ஐவிடச் சிறியது வேண்டாம், முப்பது பேருக்குப் போதாது.

ஜெர்மனிக்கு அனுப்பவே முடியாது என்று ஆகிவிட்டால், அதை நாளைக்கே சொல்லிவிடுங்கள். மாமா ஒருவர் 30-ஆம் தேதி கோவையிலிருந்து கிளம்புகிறார். ஈரோட்டில் எங்கள் அம்மா வீட்டு முகவரி தருகிறேன், அங்கே அனுப்பினால் அவர் பெட்டியில் ஒன்றாவது எடுத்து வருவார்.

நாளை சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. உங்கள் நேரத்துக்கு மதியம் 12 மணியிலிருந்து நான் விழித்திருப்பேன். டைப் பண்ணச் சிரமமாக இருந்தால் குரல் பதிவு போடுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி அண்ணா,
கவிதா
ஸ்டுட்கார்ட், மே 16, வெள்ளி