கழுத்து ரஜ்ஜு

மியூனிக்கில் ஒரே அலுவலகத்தில் சேர்ந்த பின்னரே, கவிதாவும் முரளியும் தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் வளர்ந்தவர்கள் என்பதை அறிந்தனர். ஞாயிறன்று காணொளி அழைப்பில் இரு வீட்டாரும் கூடியிருக்க, கவிதாவின் தாயார், மஞ்சள் தடவிய ஜாதக நோட்டைக் கேமராவே மறையும்படி நெருக்கிக் காட்டினார்.

“பெண் ரோகிணி, பையன் சுவாதி, இரண்டும் கழுத்து ரஜ்ஜு,” என்று ஜோதிடர் தயங்கினார். ரஜ்ஜு தட்டினால் மற்ற பொருத்தங்களைப் பார்ப்பதே வீண் என்பது அம்மாவின் கட்சி.

“ஐயா, ரோகிணி ஆரோகணம், சுவாதி அவரோகணம், அப்படியிருந்தால் தோஷமில்லை என்றும் சொல்கிறார்களே?” என்றான் முரளி. இதற்காகவே அவன் இரவெல்லாம் படித்தது கவிதாவுக்கு மட்டுமே தெரியும்.

“அப்படியும் ஒரு கணக்கு உண்டு, தம்பி.”

“அப்படியானால் தை மாதத்தில் நாள் பாருங்கள்,” என்றார் அம்மா.