மின் தணிக்கை அறிக்கை: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலை

உரிமையாளர் ஐயா அவர்களுக்கு,

பெரிய முதலீடு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் கம்ப்ரஸரையும் வாடல் தொட்டி மோட்டார்களையும் மட்டுமே பார்த்தோம். இரண்டிலும் வீணாகும் மின்சாரத்தைக் கைச்செலவிலேயே நிறுத்தலாம்.

கலர் சார்ட்டருக்குக் காற்று தரும் 15 ஹெச்பி ஸ்க்ரூ கம்ப்ரஸரை, காற்று எடுக்கும் இயந்திரங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓட்டினோம். யாரும் காற்றே எடுக்காதபோது அது லோடே ஆகக் கூடாது, அதாவது காற்றை அழுத்தாமல் அன்லோடில் சும்மா சுற்ற வேண்டும். ஆனால் 54 விநாடி லோடில், 96 விநாடி அன்லோடில் என்று மாறி மாறி ஓடியது. அது தரும் காற்றில் 36 சதவீதம் கசிவிலேயே போகிறது.

பெரிய ஓட்டை ரிசீவர் டேங்கின் அடியில்தான். பனிமூட்டத்தில் தண்ணீர் நிறையச் சேர்வதால், டிரெயின் வால்வைச் சற்றே திறந்து கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆபரேட்டரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் சார்ட்டருக்குள் போனால் வேலையே நின்றுவிடும். ஆனால் அந்த வால்வை மூடியதுமே கசிவு 26 சதவீதமாக இறங்கியது. ஆட்டோ டிரெயின் வால்வு ஒன்று போடுங்கள். மற்றவை சோப்பு நுரை வைத்துப் பார்த்ததில் தெரிந்தன: ஹோஸ் கிளாம்ப்கள், ஃபில்டர் கிண்ணத்தின் வாஷர், பழைய பேக்கிங் மெஷினுக்குப் போய் இப்போது பயனில்லாமல் கிடக்கும் குழாய். அந்தக் குழாயை மெயின் லைனிலேயே அடைத்துவிடுங்கள்.

லோடில் 11.8 கிலோவாட், அன்லோடில் 3.6 கிலோவாட் எடுக்கிறது. கசிவை 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், தினம் 16 மணி நேரம், 280 நாள் என்ற உங்கள் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 9,500 யூனிட் மிஞ்சும். சார்ட்டருக்கு 5 பார் போதும் என்பதால், 7.5 பாரில் இருக்கும் அழுத்தத்தை 6.5 ஆக்கலாம். லோடு மின்சாரத்தில் மேலும் 6 சதவீதம் குறையும்.

அடுத்து வாடல் தொட்டிகள். எட்டு ஃபேனுக்கும் 7.5 ஹெச்பி மோட்டார். கொழுந்து நிறைய பரப்பியிருந்தபோதும் ஒவ்வொன்றும் எடுத்தது 1.9 கிலோவாட்தான், கால் பங்குக்குச் சற்றே மேல் லோடு. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். அதனால் ஃபேனுக்கு வேலையும் குறைவு.

இவ்வளவு குறைந்த லோடுக்கு வைண்டிங்கில் முழு வோல்டேஜ் தேவையில்லை என்பதால், ஒரு மோட்டாரின் டெல்டா இணைப்பை, வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டாருக்கு மாற்றிப் பார்த்தோம். கரண்ட் 5.6 ஆம்பியரிலிருந்து 3.0 ஆனது, மின்சாரம் 1.7 கிலோவாட் ஆனது. வேகம் 1,486 சுற்றிலிருந்து 1,458. தொட்டிக் காற்றில் குறை தெரியவில்லை. எட்டையும் மாற்றினால், தினம் 14 மணி நேரத்துக்கு, ஆண்டுக்கு 6,200 யூனிட் மிஞ்சும். டெர்மினல் பெட்டியில் பட்டைகளை மாற்றுவதுதான் வேலை. ஆனால் ஓவர்லோடு ரிலேயை 4.5 ஆம்பியருக்கு இறக்காமல் ஓட்டவே கூடாது. லோடு ஏறினால் வைண்டிங் கருகிவிடும்.

இந்த மோட்டார்களில் ஒன்று எரிந்தால் ரீவைண்டிங் செய்யாமல் 3 ஹெச்பி ஐஇ3 மோட்டார் வாங்குங்கள். 1,000 மீட்டருக்கு மேல் மோட்டாருக்குக் குளிர்ச்சி குறையும்; அதைக் கழித்தாலும் 3 ஹெச்பி தாங்கும்.

சிடிசி மோட்டார்களைத் தொட வேண்டாம். சராசரி லோடு குறைவாகத் தெரிந்தாலும், இலை மொத்தமாக விழும்போது அந்த வலு தேவைப்படுகிறது.

வால்வும் ஹோஸும் மாற்றியபின் அதே லோடு-அன்லோடு சோதனையை ஆபரேட்டரே மாதம் ஒருமுறை செய்து, நேரத்தை லாக் புத்தகத்தில் எழுதட்டும். லோடு நேரம் 15 சதவீதத்தைத் தாண்டினால் சோப்பு நுரையை மறுபடி எடுக்க வேண்டும்.