வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

தலைவர் அவர்களே, தோட்ட வைத்திய உதவியாளர் அவர்களே, பெரியவர்களே, தாய்மாரே, என் தம்பிமாரே, அனைவருக்கும் வணக்கம்.

என் பேச்சு சில இடங்களில் தெளிவாக இராது. வாய்ப்புற்றுநோய் வந்ததால் என் இடக்கன்னத்தின் உட்சதையையும் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் வைத்தியர்கள் வெட்டி அகற்றி, அந்த இடத்தில் என் முன்கையின் தோலை எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். புரியாத இடத்தில் கையை உயர்த்துங்கள், மறுபடியும் சொல்கிறேன்.

தேயிலை மலையில் நிற்பவன் ஏன் வெற்றிலை போடுகிறான் என்பதை எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. விடியற்காலைக் குளிரில் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்கு ஓடும்போது உடம்புக்குச் சூடு தருவதும், மத்தியானம்வரை பசியை அடக்குவதும், நண்பர்களோடு நிற்கையில் கைமாறுவதும் அதுதான். நல்ல காரியத்துக்குத் தட்டில் வெற்றிலை வைத்து அழைக்கும் நம் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வாயின் ஓரத்தில் மணிக்கணக்காக அடக்கி வைக்கும் புகையிலையையும் பாக்கையும் பற்றியே பேசுகிறேன்.

புகையிலை இல்லாமல் பாக்கை மட்டும் மென்றால் பாதகமில்லை என்று உங்களில் சிலர் நம்புகிறீர்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு வாயின் உட்தோலைத் தடிக்கச் செய்து இறுக்கிவிடுகிறது. சுண்ணாம்போ புகையிலையிலுள்ள நிக்கோட்டின் விரைவாக இரத்தத்தில் கலக்க வழிசெய்கிறது. விட்டுவிடுவோம் என்று நினைத்த மறுநாளே தலையிடியும் எரிச்சலும் வந்து உங்களை மீண்டும் கடைப்பக்கம் இழுப்பது இதனால்தான். அது மனவுறுதி இல்லாதவனுக்கு மட்டும் வருவது அன்று. நகரத்துக் கடைகளில் மறைத்து விற்கும் மாவாவும் தூள் பக்கெட்டுகளும் இதே சரக்குத்தான். மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனையை இலங்கை அரசாங்கம் 2016இல் தடைசெய்தது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது என்ற சட்டம் 2006 முதல் இருக்கிறது. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைப்பையில் அந்தப் பக்கெட்டுகளைக் கண்டிருக்கிறேன். விற்பவரும் நம்மவரே என்பது எனக்குப் பெரிய வேதனை.

நம் நாட்டில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். அது வலியோடு தொடங்குவதில்லை. என் கன்னத்தின் உட்புறத்தில் முதலில் வந்தது ஒரு வெள்ளைத் திட்டு. நாக்கால் தடவினால் சொரசொரப்பாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு அது புண்ணாகி, காரம் பட்டால் எரிந்தது. காதுவரை வலி ஏறிய நாளில், கழுத்தில் கட்டியும் தட்டுப்பட்டுவிட்டது.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் எனக்கு நடந்த சிகிச்சைக்குப் பணம் வாங்கவில்லை. ஆனால் பஸ் செலவு இருந்தது. என்னோடு வந்து தங்கிய மனைவிக்கு அத்தனை நாளும் பேர் விழவில்லை, சம்பளமும் இல்லை. கதிர்ச்சிகிச்சை உமிழ்நீரை வற்றச் செய்துவிட்டதால், ரொட்டியைத் தேநீரில் ஊறவைக்காமல் இன்றும் என்னால் விழுங்க முடியாது. கழுத்துக் கட்டிகளை அகற்றியபோது தோள் நரம்பும் பாதிக்கப்பட்டது. இடக்கை தோளுக்கு மேலே எழாது. கொழுந்து மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து லொறியில் ஏற்றியவன் நான். இன்று சட்டையை மாட்டவே இன்னொருவர் உதவ வேண்டியிருக்கிறது. முகத்திலுள்ள தழும்பைவிட இதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

தம்பிமாரே, வாரத்தில் ஒருநாள் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, ஈறு எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தாலும், இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் இருந்தாலும், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாத அளவுக்கு வாய் இறுகியிருந்தாலும், வலி இல்லையே என்று இருந்துவிடாமல் அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். திட்டாக இருக்கும்போதே கண்டுபிடித்துப் புகையிலையையும் பாக்கையும் விட்டுவிட்டால், பலருக்கு அது புற்றாக மாறாமலே தடுக்கலாம். விட முடியாமல் தவிப்பவர்கள் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

இப்போது மண்டபத்தின் பின்னறையில் பல் வைத்தியர் அம்மா உங்கள் வாயைப் பரிசோதிக்க வந்து அமர்ந்திருக்கிறார். வாயில் அடக்கி வைத்திருப்பவர்கள் வாசலுக்கு வலப்பக்கமுள்ள குழாயடியில் துப்பிக் கொப்பளித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். கூச்சப்படுபவர்கள் என்னோடு வாருங்கள். உள்ளே நானும் கூட நிற்கிறேன்.