615 ரூபாய் 40 பைசா

கீழமாசி வீதியில் இருக்கும் எங்கள் மளிகைக்கடைக்குக் கம்ப்யூட்டர் பில் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பு பாண்டி அண்ணன் துண்டுத்தாளில் கூட்டிப் போடுவார். ராத்திரி கல்லாவில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. கம்ப்யூட்டர் வந்ததும் இரண்டாவதாக ஒரு கணக்கு வந்தது. இரண்டும் ஒருநாள்கூட ஒத்துப்போகவில்லை.

தேரோட்டத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. மாசி வீதி முழுக்கக் கூட்டம். ராத்திரி கம்ப்யூட்டர் ரொக்க விற்பனை 31,482.40 என்றது. காலையில் போட்ட சில்லறை 2,000 போக, கல்லாவில் 30,867 இருந்தது. அப்பா இரண்டு தடவை எண்ணினார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் கல்லாச் சாவியை அவரே வைத்துக்கொண்டு, "பாண்டி, நீ எடை போடுற பக்கம் நில்லு" என்றார். அவ்வளவுதான்.

பதினொரு வருஷமாகக் கல்லாவில் உட்காரும் மனுஷன் தராசுப் பக்கம் போய் நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்குக் காலேஜ் லீவு. செவ்வாய்க்கிழமை பில்களை வரிசையாக எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பைசா. ஒரு பில்லில் துவரம்பருப்பு 340 கிராம், 49.30. வெல்லம் 270 கிராம், 17.28. கூட்டினால் 66.58. கீழே `Round Off` 0.42 சேர்த்து 67 என்று அச்சாகியிருந்தது. 50 பைசா சட்டப்படி இன்னும் செல்லும். ஆனால் அதை யார் வாங்குகிறார்கள்? வந்தவர் 67 கொடுத்திருப்பார். கம்ப்யூட்டரோ ராத்திரி ரிப்போர்ட்டில் 66.58-ஐத்தான் கூட்டுகிறது. அன்றைய பில்களில் ஏற்றியதையும் இறக்கியதையும் கூட்டிக் கழித்தேன். 3 ரூபாய் 60 பைசா கூடுதல் வந்தது.

கூடுதல்! அப்படியென்றால் கல்லாவில் 31,486 இருந்திருக்க வேண்டும். குறைந்த பணம் 615 இல்லை, 619. பாண்டி அண்ணனுக்காகக் கணக்குப் பார்க்க உட்கார்ந்து, அவர் தலையில் இன்னும் நாலு ரூபாயை ஏற்றிவிட்டேனே என்று வயிறு கலங்கியது.

அப்புறம் அப்பாவின் போனை வாங்கி, யுபிஐ-யில் வந்த பணத்தை ஒவ்வொன்றாக நேரம் பார்த்துப் பில்லோடு சேர்த்தேன். மதியம் வரை ஆனது. மாலை 6:42-க்கு 214 ரூபாய், 7:10-க்கு 305 ரூபாய். பணம் போனுக்கு வந்திருக்கிறது. பில்லில் `Cash` என்று இருக்கிறது. காரணம் சாதாரணமானதுதான். பில் போடும்போது பணம் செலுத்தும் கட்டத்தில் `Cash` தானாகவே வந்து நிற்கும். மாற்றாமல் என்டர் தட்டினால் அப்படியே பதிவாகிவிடும். ஆறு மணிக்கூட்டத்தில் பில் கைக்கு வந்த பிறகுதானே ஆட்கள் பர்ஸைத் துழாவிவிட்டு, "ஸ்கேன் பண்ணிடவா?" என்று கேட்கிறார்கள். பணம் பேங்குக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் அதைக் கல்லாவில் தேடுகிறது.

519 தீர்ந்தது. சரியாக 100 மிச்சம்.

இந்த நூறு எந்தப் பில்லிலும் இல்லை. வேறு வழியில்லாமல் தராசுப் பக்கம் போனேன்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை கல்லாவில இருந்து யாருக்காவது நூறு ரூவா குடுத்தீங்களா?"

அவர் மல்லி பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "சீனி மூட்டை இறக்குன லோடு ஆட்டோக்காரருக்குப் பாப்பா. நான் குடுக்கல. அப்பாதான் கல்லாவைத் திறந்து எடுத்துக் குடுத்தாரு."

"அப்ப நேத்தே சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே."

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு அப்பா முன்னால் தாளை வைத்தேன். 519, 100, அதில் 3.60 கழித்தால் 615.40. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நூறு ரூபாய் வரியில் விரல் நின்றுவிட்டது.

"சீனி லோடு," என்றேன்.

"ஆமா." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மறுநாள் காலையில் பாண்டி அண்ணன் நேராகத் தராசுப் பக்கம்தான் போனார். அப்பா அவர் பின்னாலேயே போய்ச் சாவியைக் கையில் கொடுத்து, "தப்பு எம் மேலடா" என்றார். கடைப் பையன்கள் இரண்டு பேரும் நின்றிருக்க, அவர்கள் காதில் விழும்படிதான் சொன்னார். பாண்டி அண்ணன் பதில் சொல்லாமல் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவுக்குப் போனார்.

கல்லாவுக்கு மேலே ஒரு நாற்பது பக்க நோட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பதினொரு மணிக்கு அப்பா டீ வாங்க அறுபது ரூபாய் எடுத்தார். இரண்டு எட்டு போனவர் திரும்பி வந்து, நோட்டை இழுத்து, நின்றபடியே எழுதினார்.

"பாண்டி, டீ அறுபது. எழுதிட்டேன், பாத்துக்க."